‘24 மணி நேரம் குடிநீர் பாதிக்கப்படும்’: ஒட்டுவதற்கு முன் இந்த அறிவிப்பில் என்ன பார்க்க வேண்டும்?

ஐயா, எங்கள் நகர்ச் சங்கத்தின் பலகையில் ஒட்ட இந்த அறிவிப்பை எழுதியிருக்கிறேன். தேதி, நேரம், வாசகம் எல்லாம் சரியா என்று எப்படிப் பார்ப்பது?

“குழாய் இணைப்புப் பணி நடைபெற உள்ளதால் 09.06.2026 புதன்கிழமை காலை 10 மணி முதல் 11.06.2026 காலை 10 மணி வரை 24 மணி நேரம் பணி நடைபெறும் பாரதி நகர் 1 முதல் 6 தெருக்கள் மற்றும் சுற்றியுள்ள பகுதிகளில் குடிநீர் விநியோகம் பாதிக்கப்படும். பொதுமக்கள் போதிய நீரைச் சேமித்து வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

எங்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலை 6 முதல் 8 வரை தண்ணீர் விடுவார்கள். 1, 2, 3 தெருக்களுக்கு ஒரு நாள், 4, 5, 6 தெருக்களுக்கு மறுநாள். 10ஆம் தேதி 1, 2, 3 தெருக்களின் முறை.

*

கடைசியாக முறை விவரத்தையும் சேர்த்து எழுதினீர்களே, அதற்கு நன்றி. இந்த அறிவிப்பின் பெரிய குறை அதை வைத்துத்தான் தெரிகிறது. ஆனால் முதலில் தேதியை முடித்துவிடுவோம்.

சுவரில் தொங்கும் மாதக் காலண்டரைப் பாருங்கள். 2026 ஜூன் 9 செவ்வாய்க்கிழமை. நீங்கள் புதன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக, தேதி தப்பு அல்லது கிழமை தப்பு. எது என்று அறிவிப்பிலேயே ஒரு தடயம் இருக்கிறது: 24 மணி நேரம். 9ஆம் தேதி காலை 10 மணியிலிருந்து 11ஆம் தேதி காலை 10 மணி வரை எண்ணினால் 48 மணி நேரம் வருகிறது. 9ஐ 10 ஆக்கினால் கிழமையும் புதன் ஆகிவிடும், மணிக்கணக்கும் 24 ஆகிவிடும். 9ஐ அப்படியே வைத்துக்கொண்டால் கிழமை, மணிக்கணக்கு இரண்டையும் மாற்றியாக வேண்டும். ஒரே ஒரு எழுத்துப் பிழை நடந்திருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆகவே சரியான நாள் 10, புதன் என்று நான் ஊகிக்கிறேன்.

தேதி, கிழமை, மொத்த நேரம் மூன்றையும் அறிவிப்பில் எழுதச் சொல்வது இதனால்தான். ஒன்று தவறினால் மற்ற இரண்டும் காட்டிக் கொடுத்துவிடும். வெறும் “09.06.2026 முதல்” என்று மட்டும் எழுதியிருந்தால் இந்தப் பிழை யார் கண்ணிலும் பட்டிருக்காது.

ஊகித்ததை நீங்களாகவே திருத்தி ஒட்டிவிடாதீர்கள். பொறியாளரிடம் கேளுங்கள். கேட்கிற விதம் இங்கே முக்கியம். “சார், பத்தாம் தேதிதானே?” என்று கேட்டால், சாலையில் நின்றுகொண்டு நாலு பேரிடம் பேசிக்கொண்டிருப்பவர் “ஆமா ஆமா” என்றுதான் சொல்வார். பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்கக் கூடாது. “என்றைக்கு, என்ன கிழமை, எத்தனை மணிக்கு வால்வை அடைக்கிறீர்கள்? எப்போது திறப்பீர்கள்?” என்று கேளுங்கள். அவர் வாயால் தேதியும் கிழமையும் வரட்டும். இரண்டும் பொருந்தினால் எழுதிக்கொள்ளுங்கள். மாதத்தையும் எண்ணாக எழுதாமல் ‘ஜூன்’ என்று எழுத்தில் எழுதுங்கள். எழுதியபின் அந்தச் சொல்லை ஒரு தடவை தனியாகப் பாருங்கள். ஜூன், ஜூலை இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் அவசரத்தில் மாறிப்போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சரி, இனி பெரிய விஷயம். தேதியைத் திருத்திய பிறகும் உங்கள் அறிவிப்பு மக்களுக்குத் தப்பான செய்தியைத்தான் சொல்லும். அதில் இருப்பது வேலை நடக்கும் நேரம். ஆனால் வீட்டில் இருப்பவருக்குத் தெரிய வேண்டியது குழாயில் தண்ணீர் வரும் நேரம். இரண்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம், முறை வைத்துத் தண்ணீர் விடும் ஊரில் ஒன்றாக இருக்கவே முடியாது.

உங்கள் தெருக்களையே எடுத்துக்கொள்வோம். 10ஆம் தேதி காலை 10 மணிக்குத்தான் வால்வை அடைக்கிறார்கள். 1, 2, 3 தெருக்களுக்கு அன்று காலை 6 முதல் 8 வரை வழக்கம்போலத் தண்ணீர் வந்து முடிந்திருக்கும். அவர்களுக்கு எதுவும் குறையவில்லை. 11ஆம் தேதி காலை 6 முதல் 8 வரை 4, 5, 6 தெருக்களின் முறை. அப்போது வால்வு அடைத்துத்தான் இருக்கும். அவர்களுடைய முறை முழுதாகப் போய்விடும்.

போன முறைக்குப் பதிலாக அவர்களுக்கு எப்போது தண்ணீர் விடுவார்கள்? இதை உங்கள் அறிவிப்பு சொல்லவில்லை, பெரும்பாலான அறிவிப்புகளும் சொல்வதில்லை. இரண்டு வழி உண்டு. விட்டுப்போன முறையை அப்படியே விட்டுவிட்டு, 12ஆம் தேதி 1, 2, 3 தெருக்களுக்கும் 13ஆம் தேதி 4, 5, 6 தெருக்களுக்கும் விடுவது ஒன்று. அப்படிச் செய்தால் 4, 5, 6 தெருக்களுக்குக் கடைசியாகத் தண்ணீர் வந்தது 9ஆம் தேதி காலை 8 மணி வரை, அடுத்து வருவது 13ஆம் தேதி காலை 6 மணிக்கு. கூட்டிப் பாருங்கள், 94 மணி நேரம். நான்கு நாளுக்கு இரண்டு மணி நேரம்தான் குறைவு. பக்கத்துத் தெருவுக்கோ ஒரு முறைகூடத் தவறாது. இன்னொரு வழி, எல்லா முறையையும் ஒரு நாள் தள்ளுவது. 12ஆம் தேதி 4, 5, 6 தெருக்களுக்கு, 13ஆம் தேதி 1, 2, 3 தெருக்களுக்கு. அப்போது இரண்டு பக்கமும் இடைவெளி 70 மணி நேரம். சாதாரண நாளிலேயே 46 மணி நேரம் இடைவெளி இருப்பதால் ஒரு நாள்தான் கூடுதல், அதுவும் எல்லாருக்கும் சமமாக.

என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் நியாயம். உங்கள் ஊரில் எப்படி விடப்போகிறார்கள் என்பதை முடிவு செய்பவர் பொறியாளர், திறப்பவர் வாட்டர்மேன். இருவரிடமும் கேட்டு எழுதுங்கள். பொறியாளர் “முறையைத் தள்ளிவிடுங்கள்” என்று சொல்லியிருப்பார், வாட்டர்மேனுக்கு அது போய்ச் சேர்ந்திருக்காது. அவர் தன் வழக்கப்படி 12ஆம் தேதி 1ஆம் தெரு வால்வைத் திறந்துவிடுவார். அப்புறம் 5ஆம் தெருக்காரர்கள் உங்கள் வீட்டு வாசலில் வந்துதான் நிற்பார்கள்.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். 4, 5, 6 தெருக்காரர்கள் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டிய நாள் 10ஆம் தேதி அல்ல. அவர்களுக்குக் கடைசியாகத் தண்ணீர் வருவது 9ஆம் தேதி காலை 6 மணிக்கு. ஆகவே 8ஆம் தேதி மாலைக்குள் அறிவிப்பு ஒட்டியிருக்க வேண்டும், 7ஆம் தேதியே ஒட்டினால் இன்னும் நல்லது. வேலைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒட்டும் வழக்கம் தினமும் தண்ணீர் வரும் இடத்துக்குப் பொருந்தும். உங்கள் இடத்தில் 9ஆம் தேதி மாலை ஒட்டினால், அதைப் படித்து முடிக்கும்போது பாதி நகரில் பிடிப்பதற்குத் தண்ணீரே இருக்காது.

“போதிய நீர்” என்ற சொல்லும் இங்கேதான் உதைக்கிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு வைத்திருக்கும் அளவு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 540 லிட்டர். “24 மணி நேரம்” என்று படித்தவர் மாடியில் இருக்கும் 500 லிட்டர் தொட்டி போதும் என்று நிம்மதியாக இருந்துவிடுவார். உண்மையில் அவருக்குத் தேவை மூன்று நாளைக்கு, அதாவது 1,600 லிட்டருக்கு மேல். அவ்வளவு சேமிக்க இடமில்லை என்றாலும், துணி துவைப்பதைத் தள்ளிப்போடவாவது அவருக்குத் தெரிய வேண்டுமே. “போதிய” என்று எழுதுவதைவிட “12ஆம் தேதி காலை வரை வரும்படி பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்” என்று எழுதினால் அளவை அவரவரே போட்டுக்கொள்வார்கள்.

பொறியாளரிடம் கேட்கும்போது இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: “எந்தக் குழாயில் வேலை? தொட்டிக்குத் தண்ணீர் வரும் குழாயிலா, தொட்டியிலிருந்து தெருவுக்குப் போகும் குழாயிலா?” தெருவுக்குப் போகும் குழாய் என்றால் வேலை முடிந்ததும் தொட்டியில் இருக்கும் தண்ணீரை உடனே திறந்துவிடலாம். தொட்டிக்கு வரும் குழாய் என்றால் கதை வேறு. அதிலும் நல்லது ஒன்று இருக்கிறது: அடைக்கும்போது தொட்டி நிறைய இருந்தால் 11ஆம் தேதி முறையையே அதை வைத்துச் சமாளித்துவிடலாம். ஆனால் நேரம் போதுமா என்று கணக்குப் போட வேண்டும். ஒரு பேச்சுக்கு, தொட்டி 3 லட்சம் லிட்டர், அதற்கு மணிக்கு 50,000 லிட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 10ஆம் தேதி காலை 8 மணிக்குத் தெருவுக்கு விட்டு முடித்து, 10 மணிக்கு அடைத்தால், நடுவில் இரண்டு மணி நேரத்தில் ஒரு லட்சம் லிட்டர்தான் சேரும். மூன்று தெருவுக்கும் அழுத்தத்தோடு விட அது போதாமல் போகலாம்.

அதே கணக்கு வேலை முடிந்த பிறகும் உண்டு. 11ஆம் தேதி காலை 10 மணிக்கு வேலை முடிகிறது. காலியான பெரிய குழாயில் காற்று வெளியேறித் தண்ணீர் நிரம்ப இரண்டு மூன்று மணி நேரம், பிறகு தொட்டி நிரம்ப ஆறு மணி நேரம். ஆக ஒன்பது மணி நேரம் கழித்து, அன்று இரவு 7 மணிக்குத்தான் தொட்டி நிறையும். 12ஆம் தேதி காலை 6 மணி முறைக்கு அது போதும். வேலை நீண்டுபோனால்? காலை 6 மணியிலிருந்து ஒன்பது மணி நேரம் பின்னால் போனால் இரவு 9 மணி. 11ஆம் தேதி இரவு 9 மணிக்குள் வேலை முடியாவிட்டால் 12ஆம் தேதி முறையும் சந்தேகம்தான். உங்கள் தொட்டிக்கு உள்ள உண்மையான எண்களைக் கேட்டு இந்தக் கணக்கைப் போட்டுவிட்டால், எத்தனை மணிக்குத் திருத்த அறிவிப்பு கொடுக்க வேண்டும் என்று முன்னாலேயே தெரிந்துவிடும்.

இனி வாசகம். “பாதிக்கப்படும்” என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். தண்ணீர் வராதா, குறைவாக வருமா, தாமதமாக வருமா என்று அது சொல்வதில்லை. தனக்கு எது வசதியோ அப்படி ஒவ்வொருவரும் படித்துக்கொள்வார்கள். வராது என்றால் “வராது” என்று எழுதுங்கள். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

“பணி நடைபெறும் பாரதி நகர்” என்பதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. குழி தோண்டும் இடமும் தண்ணீர் நிற்கும் இடமும் ஒன்று போல அது ஒலிக்கிறது. வேலை ஒரு கிலோமீட்டர் தள்ளி நடக்கலாம். தன் தெருவில் யாரும் தோண்டவில்லை என்று பார்த்துவிட்டு, “இது நமக்கில்லை” என்று போய்விடுவார்கள். “சுற்றியுள்ள பகுதிகள்” அதைவிட மோசம். நான் சுற்றியுள்ள பகுதியா இல்லையா என்று வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு ஒருவர் எப்படித் தெரிந்துகொள்வார்? எந்த வால்வில் எந்தத் தெரு என்பது வாட்டர்மேனுக்கு மனப்பாடம். அவரை உட்காரவைத்துத் தெருப் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதிவிடுங்கள். பெயர் இல்லாத சந்து இருந்தால் கோயில் பின்புறச் சந்து, ரேஷன் கடைச் சந்து என்று ஊர் சொல்கிறபடியே எழுதுங்கள்.

“வரை” என்ற சொல்லை மணியோடு சேர்த்து எழுதினால் சிக்கல் இல்லை. தேதியோடு மட்டும் எழுதினால் சிக்கல்தான். “10 முதல் 12ஆம் தேதி வரை தண்ணீர் வராது” என்றால் 12ஆம் தேதி வருமா வராதா? சிலர் அந்த நாளையும் சேர்ப்பார்கள், சிலர் சேர்க்க மாட்டார்கள். தண்ணீர் எப்போது நிற்கும் என்பதை எழுதியதும், எப்போது திரும்ப வரும் என்பதைத் தனி வாக்கியமாக எழுதிவிட்டால் இந்தச் சந்தேகம் வராது.

உங்கள் அறிவிப்பில் இரவு நேரம் இல்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், என்றாவது உதவும். நான் வேலை பார்த்த ஓர் ஊரில் “14ஆம் தேதி இரவு 12 மணி முதல்” என்று ஒரு முறை எழுதினோம். 13ஆம் தேதி ராத்திரி முடிந்து 14 பிறக்கும் நேரத்தைத்தான் நாங்கள் நினைத்தோம். மக்களுக்கோ பொழுது விடிந்தால்தான் நாள் தொடங்குகிறது. 14ஆம் தேதி பகல் முழுக்கத் தண்ணீர் இருக்கும், அன்று ராத்திரிதான் நிற்கும் என்று பாதிப் பேர் இருந்துவிட்டார்கள். 14 காலையில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கைக்குழந்தை வைத்திருந்த ஒரு அம்மா அலுவலகத்துக்கு வந்து, அறிவிப்பைக் கையில் பிடித்தபடி, “இதில் எங்கே போட்டிருக்கிறீர்கள், காட்டுங்கள்” என்று கேட்டார். அவர் படித்ததில் தப்பே இல்லை. அன்றிலிருந்து நள்ளிரவை எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். தவிர்க்க முடியாவிட்டால் “13ஆம் தேதி சனிக்கிழமை இரவு படுக்கப்போகும்போதே தண்ணீர் நின்றிருக்கும்” என்கிற அளவுக்கு விளக்கி எழுதலாம், அல்லது “13ஆம் தேதி இரவு 11 மணி முதல்” என்று ஒரு மணி நேரம் முன்னே போடலாம். முன்னே போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. அதிகாலை 2 மணியையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். பேச்சில் அது ‘ராத்திரி ரெண்டு மணி’, முந்தின நாளின் கணக்கு. காலண்டரில் அது மறுநாள்.

அறிவிப்பு புரியாமல் போவதற்கு வாக்கிய அமைப்பும் ஒரு காரணம். தமிழில் வினை கடைசியில் வரும். காரணம், தேதி, நேரம், இடம் எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் கோத்தால், ‘வராது’ என்ற சொல்லுக்கு வருவதற்குள் படிப்பவர் நகர்ந்துவிடுவார். போனில் அனுப்பினால் முதல் இரண்டு வரிதான் கண்ணில் படும். உங்கள் அறிவிப்பின் முதல் வரி குழாய் இணைப்பைப் பற்றிப் பேசுகிறது. அதைக் கீழே தள்ளுங்கள். மேலே ‘நாளை’, ‘வரும் புதன்’ என்று எழுத வேண்டாம். ஒருவர் மூன்று நாள் கழித்து இன்னொருவருக்கு அனுப்பும்போது அது வேறு புதன் ஆகிவிடும். ஆண்டும் இருக்க வேண்டும், வெளியிட்ட தேதியும் இருக்க வேண்டும். போன வருஷத்து அறிவிப்பு இந்த வருஷம் குழுக்களில் சுற்றுவது நடக்கிற விஷயம்தான்.

பொறியாளர் 10ஆம் தேதியை உறுதி செய்து, தொட்டிக்கு வரும் குழாயில்தான் வேலை, முறையை ஒரு நாள் தள்ளுகிறோம் என்று சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொண்டு எழுதிப் பார்க்கிறேன்:

பாரதி நகர்: 2026 ஜூன் 11, வியாழக்கிழமை தண்ணீர் வராது

4, 5, 6 தெருக்கள்: ஜூன் 9, செவ்வாய் காலை 6 முதல் 8 மணி வரை வழக்கம்போல் வரும். ஜூன் 11, வியாழன் வராது. அடுத்து ஜூன் 12, வெள்ளி காலை 6 முதல் 8 மணி வரை வரும். செவ்வாய்க்கிழமை பிடிக்கும் தண்ணீரை வெள்ளி காலை வரை வைத்துக்கொள்ளுங்கள்.

1, 2, 3 தெருக்கள்: ஜூன் 10, புதன் காலை 6 முதல் 8 மணி வரை வழக்கம்போல் வரும். ஜூன் 12, வெள்ளி வராது. அடுத்து ஜூன் 13, சனி காலை 6 முதல் 8 மணி வரை வரும்.

மேல்நிலைத் தொட்டிக்கு வரும் குழாயில் இணைப்பு வேலை, ஜூன் 10 புதன் காலை 10 மணி முதல் ஜூன் 11 வியாழன் காலை 10 மணி வரை, 24 மணி நேரம் நடக்கிறது. வேலை நீண்டால் ஜூன் 11 இரவு 9 மணிக்கு இதே பலகையில் தெரிவிப்போம்.

திரும்ப வரும் தண்ணீர் முதலில் கலங்கலாக இருக்கும். தெளியும் வரை சம்ப்பில் விடாதீர்கள். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

வெளியிட்டது: 2026 ஜூன் 7, ஞாயிறு மாலை 5 மணி. சங்கச் செயலாளர்.

இதில் 1, 2, 3 தெருக்களுக்கு 12ஆம் தேதி வராது என்று தனியாக எழுதியிருப்பதைக் கவனியுங்கள். வழக்கப்படி அது அவர்கள் முறை. அடுத்து 13ஆம் தேதி என்று மட்டும் எழுதினால், அவர்கள் பழக்கத்தில் 12ஆம் தேதி விடியற்காலையிலேயே குடத்தை வரிசையில் வைத்துவிடுவார்கள். கலங்கல் பற்றிய வரியையும் சடங்குக்கு என்று நினைக்காதீர்கள். குழாய் காலியாக இருக்கும்போது கசிவு உள்ள இடங்கள் வழியே வெளியிலிருக்கும் அழுக்கு நீர் உள்ளே இழுக்கப்படலாம். தண்ணீர் வேகமாகத் திரும்பும்போது உள்ளே படிந்திருக்கும் துருவும் மண்ணும் கிளம்பும். நாற்றம் போகவில்லை என்றால் கொதிக்கவைத்தும் குடிக்கக் கூடாது, அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும்.

எழுதி முடித்தபின், வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். 5ஆம் தெருவில் ஒருவர், 2ஆம் தெருவில் ஒருவர் இருந்தால் நல்லது. “புரிகிறதா?” என்று கேட்காதீர்கள், எல்லாரும் புரிகிறது என்றுதான் சொல்வார்கள். தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, “உங்கள் வீட்டுக்கு அடுத்தாற்போல் என்றைக்குத் தண்ணீர் வரும்? என்றைக்குப் பிடித்து வைப்பீர்கள்?” என்று கேளுங்கள். 5ஆம் தெருக்காரர் “செவ்வாய் பிடிக்கணும், வெள்ளிக்கிழமை வரும்” என்று சொல்லிவிட்டால் ஒட்டிவிடலாம். அவர் தயங்கினால் எந்த வரியில் தயங்கினாரோ அந்த வரியை மாற்றுங்கள்.

ஒட்டிய பிறகு நேரம் மாறினால் பழைய தாளில் பேனாவால் அடித்து எழுத வேண்டாம். போனில் போனதும் பலகையில் இருப்பதும் வேறு வேறாகிவிடும். ‘திருத்தம்’ என்று தலைப்பிட்டு, வெளியிட்ட நாளும் மணியும் போட்டு, புதிய தாளாக முழு விவரத்தையும் எழுதுங்கள். பழைய தாளைக் கிழித்துவிடுங்கள். எல்லாருக்கும் தண்ணீர் வந்து முடிந்தபின், 13ஆம் தேதி காலையில் புதிய தாளையும் எடுத்துவிடலாம்.